வார இறுதித் தமிழ் வகுப்பு அறிவிப்பைத் திருத்தி எழுதுவது: புலம்பெயர் பெற்றோர் ஒரே வாசிப்பில் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் இருந்தபடியே பிரித்தானியாவிலும் சுவிஸிலும் கனடாவிலும் வாழும் பிள்ளைகளுக்குச் சூம் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எல்லாப் படிகளையும் ஒரே அறிவிப்பை வைத்தே விளக்குகிறேன். மாங்குளத்துக்கு அருகில் இருக்கும் ஓர் ஆசிரியையின் அறிவிப்பு அது. திருத்துவதற்கு முன் இப்படி இருந்தது:

> தாய்மொழி காப்போம்! புலம்பெயர் உறவுகளே! உங்கள் செல்வங்களுக்கான சிறப்புத் தமிழ் வகுப்புகள் வார இறுதி நாட்களில் இணையவழியில் நடைபெறவுள்ளன. சிறியோர், நடுத்தரம், மேற்பிரிவு. அனுபவமிக்க ஆசிரியர்கள். தரமான பாடத்திட்டம். மாலை 7.30. மேலதிக விபரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இதை வாசித்து முடித்த ஒரு தாய், தன் மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது, என்ன கற்பாள், தன் வீட்டுக் கடிகாரத்தில் எத்தனை மணிக்குக் கணினியைத் திறப்பது என்ற மூன்றையும் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் சிலர். மற்றவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

## 1. எழுதுமுன் பழைய கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளுங்கள்

முதலில் வட்ஸ்அப்பைத் திறந்து, முந்தைய தவணையில் பெற்றோர் அனுப்பிய கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். குரல் செய்திகளையும் விடாமல் கேளுங்கள். பெற்றோர் எழுத்தில் கேட்காததைக் குரலில்தான் கேட்பார்கள்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு எது முக்கியம் என்று நினைத்து எழுதத் தொடங்கினால் மொழிப்பற்றும் ஆசிரியரின் தகுதியும் மேலே வந்துவிடும். பெற்றோரின் கேள்வித்தாளை வைத்து எழுதினால் அறிவிப்பின் வரிசை தானாகவே அமைந்துவிடும். மாங்குளம் ஆசிரியைக்கு அதிகம் வந்த கேள்விகள் இவை: “ரீச்சர், மகளுக்கு எட்டு நடக்கிறது, எந்த வகுப்பில் விடலாம்?” “பேசினால் விளங்கும், ஆனால் வாசிக்கத் தெரியாது, சேர்ப்பீர்களா?” “எங்கள் நேரத்துக்கு எத்தனை மணி?” “பிள்ளைக்கு ஜேர்மன்தான் வரும், எப்படி விளங்கப்படுத்துவீர்கள்?” “இந்தியத் தமிழா, எங்கள் தமிழா?”

கேள்விகளோடு சேர்த்து இன்னும் மூன்று விடயங்களை முடிவு செய்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். முதலும் கடைசியுமான வகுப்புத் திகதிகள், யார் எந்தப் பிரிவை எடுக்கிறார், ஒரு பிரிவில் அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள். இவை முடிவாகாத நிலையில் எழுதும் அறிவிப்பில்தான் “விரைவில்”, “தேவைக்கேற்ப” போன்ற சொற்கள் நுழைகின்றன. மாங்குளம் வகுப்பில் ஆசிரியையும் அவருடைய பெறாமகளும் இருவராகக் கற்பிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு எட்டுப் பிள்ளைகள். முதல் வகுப்பு 2026 ஜனவரி 10, சனிக்கிழமை.

## 2. வயதைப் பிறந்த ஆண்டால் சொல்லுங்கள்

“சிறியோர், நடுத்தரம், மேற்பிரிவு” என்பது கற்பிப்பவருக்கு விளங்கும், பெற்றோருக்கு விளங்காது. அதைத் திருத்த முனைபவர்கள் பெரும்பாலும் “தரம் 1 முதல் 3” என்று எழுதுவார்கள். அதுவும் சரிவராது. இங்கிலாந்தில் ஒரு பிள்ளையின் வகுப்பைத் தீர்மானிப்பது செப்டம்பர் 1 என்ற எல்லை. ஒன்ராறியோவில் அது பிறந்த நாட்காட்டி ஆண்டைப் பொறுத்தது. லண்டனில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஏழு வயதாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். நமது தரம் 3 வேறு கணக்கு. ஒரே எண் மூன்று நாட்டில் மூன்று பொருள் தரும்.

சரி, வயதையே எழுதலாம் என்றால் அங்கேயும் இரண்டு பிழைகள் வழமையாக வருகின்றன. “5–8, 8–12” என்று எழுதினால் எட்டு வயதுப் பிள்ளை இரண்டு பிரிவிலும் நிற்கும். இன்னொன்று நம் பேச்சு முறையில் இருந்து வருவது. எட்டு நடக்கிறது என்று ஒரு தாய் சொல்லும்போது ஏழு முடிந்திருக்கும். வேறொரு தாய் எட்டு என்று சொல்வது எட்டு முடிந்ததை. இருவரும் ஒரே பிரிவுக்குப் பெயர் தருவார்கள், முதல் நாளில் வகுப்பு வயதால் பிளவுபட்டு நிற்கும்.

பிறந்த ஆண்டை எழுதினால் இந்தக் குழப்பம் எதற்கும் இடமில்லை. எல்லாப் பெற்றோருக்கும் அது மனப்பாடம். எந்த நாட்டிலும் மாறாது. வயதையும் பக்கத்தில் எழுதலாம், ஆனால் தீர்மானிப்பது ஆண்டு என்று தெரிய வேண்டும். மாங்குளம் வகுப்புக்கு இப்படிப் பிரித்தோம்:

- பிரிவு 1: 2018, 2019, 2020 இல் பிறந்தவர்கள் (5–7 வயது)
- பிரிவு 2: 2015, 2016, 2017 இல் பிறந்தவர்கள் (8–10 வயது)
- பிரிவு 3: 2011 முதல் 2014 வரை பிறந்தவர்கள் (11–14 வயது)

ஆண்டுகளை முடிந்தவரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டு வாசிப்பவரின் கண், தன் பிள்ளையின் ஆண்டை நேராகக் கண்டுபிடித்துவிடும்.

## 3. வயதுக்குப் பிறகு நிலை

புலம்பெயர்ந்த வீடுகளில் வயதும் தமிழறிவும் சேர்ந்து வளர்வதில்லை. அம்மம்மா கூட இருக்கும் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை தடையின்றிப் பேசும். பன்னிரண்டு வயதுப் பையன் எல்லாம் விளங்கிக்கொண்டு ஒல்லாந்து மொழியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வான். ஆகவே பலர் வயதை விட்டுவிட்டு “ஆரம்பநிலை, இடைநிலை, உயர்நிலை” என்று எழுதுகிறார்கள். இதை நான் வன்மையாக எதிர்ப்பேன். எழுத்துத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால், இரண்டாவது வாரமே அந்தப் பிள்ளையின் கமரா நின்றுவிடும். மூன்றாவது வாரம் பிள்ளையும் இராது. முதலில் வயதைப் பிரியுங்கள், அதற்குள் நிலையைச் சொல்லுங்கள்.

நிலையைச் சொல்லப் பெற்றோர் தாமே விடையளிக்கக்கூடிய மூன்று கேள்விகள் போதும். வீட்டில் தமிழில் சொன்னால் பிள்ளைக்கு விளங்குமா? பதிலைத் தமிழில் சொல்லுமா? “அம்மா” என்று எழுதிக் காட்டினால் வாசிக்குமா? இடைநிலை என்பதன் எல்லை எது என்று எந்தத் தந்தைக்கும் தெரியாது. தன் பிள்ளை “அம்மா” என்பதை வாசிக்குமா என்று எல்லாத் தந்தைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் யாருக்கு இடமில்லை என்பதையும் எழுத வேண்டும். ஆசிரியர்கள் மிகவும் தயங்கும் வரி இது. ஆள் குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். மாங்குளத்தில் பிரிவு 3 இற்குக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் பேச்சு விளங்கி, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள். வாசிக்கத் தெரிந்த இரண்டொருவரையும் சேர்த்துக்கொண்டால், அவர்களுக்காக ஒரு பாடம், மற்றவர்களுக்காக ஒரு பாடம் என்று அந்த ஒரு மணிநேரம் சிதறும். எனவே “இத்தவணையில் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும், சரளமாக வாசிப்பவர்கள் அடுத்த தவணைக்குப் பெயர் தரலாம்” என்று எழுதினோம். பொருந்தாத பிள்ளை வந்து ஏமாறுவதைவிட இது நேர்மையானது.

## 4. பாடத்திட்டத்தைப் பிள்ளை செய்யக்கூடியதாக எழுதுங்கள்

“தரமான பாடத்திட்டம்” என்ற சொற்களை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக எதை எழுதுவது என்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 40 நிமிடம் வீதம் 12 வகுப்புகள் என்றால் மொத்தம் 8 மணிநேரம். ஒரு மணிநேர வகுப்பென்றால் 12 மணிநேரம். தவணை முழுவதற்கும் அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் “247 எழுத்துக்களும் கற்பிக்கப்படும்” என்று எழுதுகிறார்கள். அதை நம்பி வரும் தந்தை மார்ச் மாதத்தில் கணக்குக் கேட்பார், அது நியாயமான கேள்வியாகவும் இருக்கும்.

அடுத்து, அரசாங்கப் பாடநூலின் பெயரைப் பாடத்திட்டமாகப் போடும் பழக்கம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 1 தமிழ் நூல் நல்ல நூல். ஆனால் அது வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டு வளர்ந்து, பேசத் தெரிந்தபின் பள்ளிக்கு வரும் பிள்ளைக்காக எழுதப்பட்டது. ஒஸ்லோவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நூலின் முதல் பக்கத்துச் சொற்களே புதியவை. நூலைத் துணைக்கு வைத்திருங்கள், ஆனால் “தரம் 1 பாடத்திட்டம்” என்று அறிவிக்காதீர்கள். தரம் 1 முடிந்தால் தரம் 2 என்று பெற்றோர் எதிர்பார்ப்பார்கள்.

இனி எழுதும் முறை. ஒவ்வொரு பிரிவுக்கும், கடைசி வகுப்பு முடியும்போது பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்று இரண்டு மூன்று வசனங்கள் எழுதுங்கள். வீட்டில் இருந்தபடியே பெற்றோர் சோதித்துப் பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். “மொழித்திறன் வளரும்” என்பதைச் சோதிக்க முடியாது. “அம்மம்மாவுடன் வீடியோவில் பேசும்போது, இன்று என்ன சாப்பிட்டேன் என்று முழு வசனத்தில் சொல்வார்” என்பதைச் சோதிக்கலாம்.

பிரிவு 2 இற்கு இதை எப்படிச் செய்தோம் என்று காட்டுகிறேன். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கினால் பிள்ளை பல வாரங்கள் ஒரு சொல்லையும் வாசிக்காமல் எழுத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆசிரியை வரைவதற்கு எளிய ட, ப, ம என்பவற்றில் தொடங்குகிறார். புள்ளியைச் சேர்த்தவுடன் “படம்”, “பட்டம்” வந்துவிடும். அதன்பின் க, த, ர, ல, ள, ன போன்றவை வரும்போது “மரம்”, “கடல்”. பிறகு அரவும் (ா), விசிறிகளும் (ி, ீ). இவ்வளவிலேயே “பால்”, “கிளி”, “மீன்”, “தம்பி” என்பவற்றைப் பிள்ளை வாசிக்கும். அ என்ற ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துவிட்டால் “அம்மா”, “அப்பா”, “அம்மம்மா”, “அப்பப்பா” எல்லாம் வாசிப்புக்குள் வந்துவிடும். உகர, ஊகார வரிசையைத் தொடவில்லை. கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் வேறுவேறு வடிவம் எடுப்பதால் அதற்குத் தனியாக வாரங்கள் தேவை.

இந்த உழைப்பு எல்லாவற்றையும் அறிவிப்பில் எழுத வேண்டியதில்லை. பெற்றோருக்குத் தேவையானது இரண்டு வரி: “தவணை முடிவில் அம்மா, அப்பா, தம்பி, பால், கிளி, மீன் போன்ற சொற்களைத் தாமாக வாசிப்பார், பார்த்து எழுதுவார். கு, சு, டு போன்ற எழுத்துக்கள் அடுத்த தவணையில்.” எது இல்லை என்று சொல்லும் அந்த இரண்டாவது வசனம், முதல் வசனத்தை நம்ப வைக்கிறது.

“இந்தியத் தமிழா, எங்கள் தமிழா” என்ற கேள்விக்கும் பாடத்திட்டத்திலேயே விடை இருக்கட்டும். பேச்சுப் பயிற்சி வீட்டில் பேசும் ஈழத்து வழக்கில், வாசிப்பும் எழுத்தும் எழுத்துத் தமிழில் என்று ஒரு வரி எழுதினால் போதும். இல்லாவிட்டால், “எங்கள் வீட்டில் இப்படிப் பேசுவதில்லையே” என்ற குழப்பம் பிள்ளைக்கு முதலில் வரும், பெற்றோருக்குப் பிறகு வரும்.

## 5. நேரத்தை அவர்கள் ஊர்க் கடிகாரத்தில் எழுதுங்கள்

“மாலை 7.30” என்பது யாருடைய மாலை? இலங்கை நேரம் என்று சேர்த்தாலும் கணக்குப் போடும் வேலை பெற்றோரின் தலையில் விழுகிறது, கணக்குப் பிழைத்தால் பிள்ளை வகுப்பைத் தவறவிடுகிறது. நகரங்களின் பெயரோடு நேரத்தை எழுதுங்கள்.

குளிர்காலத்தில் வன்னியில் இரவு 7.30 என்றால் லண்டனில் பிற்பகல் 2.00. சூரிச், பாரிஸ், ஒஸ்லோ ஆகியவற்றில் 3.00. ரொறன்ரோவில் காலை 9.00. மூன்று பக்கத்துக்கும் பொருந்தும் நல்ல நேரம் அது. சிட்னியில் அப்போது நள்ளிரவு தாண்டி 1.00 மணி. எனவே அவுஸ்திரேலியாவுக்கு இந்த வகுப்பு பொருந்தாது என்று எழுதிவிட வேண்டும். “உலகெங்கும் வாழும் பிள்ளைகளுக்கு” என்ற வரி வேண்டாம். அவுஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வன்னியில் காலை வகுப்பாகத் தனியாக வைக்க வேண்டும்.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் கடிகார மாற்றம். இலங்கையில் நேரம் மாறுவதில்லை, ஆகவே நமக்கு அது நினைவில் வருவதில்லை. கனடாவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே வைக்கிறார்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் அது மார்ச் கடைசி ஞாயிறு. இலையுதிர் காலத்தில் திரும்பிப் போவதும் அப்படியே: ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு, கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு. ஒரே நாளில் மாறினால் ஒரு அறிவித்தலோடு முடிந்திருக்கும். இடையில் விழும் வாரங்களில்தான் ரொறன்ரோப் பிள்ளைகளும் லண்டன் பிள்ளைகளும் பிரிந்துபோகிறார்கள்.

நமது உதாரணத்தில் 2026 இல் கனடா மாறுவது மார்ச் 8, ஐரோப்பா மாறுவது மார்ச் 29. சனிக்கிழமை நடக்கும் பிரிவு 1, 2 ஆகியவற்றின் கடைசி மூன்று வகுப்புகள் மார்ச் 14, 21, 28. அந்த மூன்று நாளும் லண்டன் நேரம் அப்படியே இருக்கும், ரொறன்ரோவுக்கு மட்டும் ஒரு மணிநேரம் பிந்தும்: 9.00 என்பது 10.00 ஆகும். ஞாயிறு நடக்கும் பிரிவு 3 இல் இது மார்ச் 8 அன்றே தொடங்கிவிடும். அதன் கடைசி வகுப்பு மார்ச் 29 இல் வருவதால், அன்று ஒரு நாள் மட்டும் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் நேரம் மாறும்.

எந்தக் கடிகாரத்தை நிலையாக வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வன்னி நேரத்தை நிலையாக வைத்தால் ஆசிரியர் குழம்பமாட்டார், பெற்றோருக்கு மாறும். லண்டன் நேரத்தை நிலையாக வைத்தால் மார்ச் 29 இற்குப் பிறகு நமக்கு 7.30 என்பது 6.30 ஆகும். இரண்டில் எதுவானாலும் மாறும் திகதிகளை அறிவிப்பில் முன்கூட்டியே எழுதுங்கள். அந்த வாரத்தில் வட்ஸ்அப்பில் நினைவூட்டலாம் என்று விட்டுவிட்டால், சனிக்கிழமை காலையில் செய்தி பார்க்காத வீட்டுப் பிள்ளை வெறும் திரையின் முன் உட்கார்ந்திருக்கும்.

## 6. வகுப்பு நடக்கும் முறை

“இணையவழி” என்ற ஒரு சொல், பதிவு செய்த காணொளியையும் குறிக்கும், நேரடி வகுப்பையும் குறிக்கும். சூமில் நேரடியாக, ஒரு பிரிவில் எட்டுப் பிள்ளைகள் வரை, இத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

நிமிடங்களை எழுதுமுன் உங்கள் சூம் கணக்கைப் பாருங்கள். கட்டணம் செலுத்தாத கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 40 நிமிடமே போதும், ஆகவே பிரிவு 1 இற்கு அது தடையில்லை. ஒரு மணிநேர வகுப்பென்றால் 30 நிமிடம் வீதம் இரண்டாகப் பிரித்து, நடுவில் ஐந்து நிமிட இடைவேளை விட்டு மீண்டும் இணையச் சொல்லலாம். அப்படிச் செய்வதானால் அறிவிப்பிலேயே எழுதுங்கள். திடீரென்று திரை அணைந்தால் வகுப்பு முடிந்தது என்று பிள்ளை எழுந்து போய்விடும்.

விளக்கும் மொழியை ஒளிக்காமல் சொல்லுங்கள். மாங்குளம் ஆசிரியைக்குத் தமிழும் எளிய ஆங்கிலமும் தெரியும். சூரிச் பிள்ளைக்கு ஜேர்மன் வேண்டும், ஒஸ்லோப் பிள்ளைக்கு நோர்வே மொழி. “விளக்கம் தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும், வேறு மொழி தேவைப்பட்டால் முதல் சில வகுப்புகளில் பெற்றோரில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்” என்று எழுதினோம். இதை வாசித்து யாரும் விலகிப்போகவில்லை. வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

மழைக்காலத்தில் இங்கே மின்சாரமும் இணைப்பும் போகும் என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்ததுதான். அவர்கள் அறிய விரும்புவது, போனால் என்ன நடக்கும் என்பதை. 15 நிமிடம் ஆசிரியர் வராவிட்டால் குழுவில் செய்தி வரும், அந்த வகுப்பு தவணை முடிவில் சேர்க்கப்படும் என்று எழுதிவிடுங்கள்.

இணைப்புச் சுட்டி பெற்றோரின் எண்ணுக்கு மட்டுமே அனுப்பப்படும், வகுப்பு பதிவு செய்யப்படாது என்ற இரண்டையும் விடாதீர்கள். பிள்ளைகளின் முகம் எங்கே போகிறது என்று கேட்கும் பெற்றோர் பலர். கட்டணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: தொகையை எழுதுங்கள், அவர்கள் நாட்டு நாணயத்தில் எழுதுங்கள்.

## 7. இப்போது அறிவிப்பை எழுதுங்கள்

மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் கையில் வந்தபின் எழுதுவது அரைமணிநேர வேலை. வரிசைதான் முக்கியம். வட்ஸ்அப்பில் நீண்ட செய்தியின் தொடக்கம் மட்டும் தெரியும், மீதியை வாசிக்கத் தட்ட வேண்டும். ஆகவே யாருக்கு, எப்போது, எப்படி என்ற மூன்றும் முதல் மூன்று வரிகளுக்குள் இருக்க வேண்டும். “புலம்பெயர் உறவுகளே” என்ற விளிப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

மாங்குளம் அறிவிப்பு கடைசியில் இப்படி வந்தது. கட்டணத்தையும் எண்ணையும் இங்கே வெறுமையாக விட்டிருக்கிறேன்.

> இணையவழித் தமிழ் வகுப்பு, 5–14 வயதுப் பிள்ளைகளுக்கு
> பிரித்தானியா, ஐரோப்பா, கனடா நேரத்துக்கு ஏற்றது. சூமில் நேரடி வகுப்பு.
> 2026 ஜனவரி 10 முதல் மார்ச் 29 வரை. வாரம் ஒன்று, மொத்தம் 12 வகுப்புகள்.
>
> பிரிவு 1: 2018, 2019, 2020 இல் பிறந்தவர்கள்
> தமிழ் விளங்காத பிள்ளைகளும் சேரலாம். பெற்றோரில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.
> சனி, 40 நிமிடம். லண்டன் 2.00, சூரிச், பாரிஸ், ஒஸ்லோ 3.00, ரொறன்ரோ காலை 9.00.
> தவணை முடிவில்: தன் பெயர், வயது, குடும்பத்தினர், பிடித்த உணவு பற்றித் தமிழில் சொல்வார். ட, ப, ம எழுதுவார்.
>
> பிரிவு 2: 2015, 2016, 2017 இல் பிறந்தவர்கள்
> வாசிக்கத் தெரியாதவர்களுக்கு. பேச்சு ஓரளவு விளங்கினால் போதும்.
> சனி, 60 நிமிடம் (நடுவில் 5 நிமிட இடைவேளை). லண்டன் 3.00, சூரிச், பாரிஸ், ஒஸ்லோ 4.00, ரொறன்ரோ காலை 10.00.
> தவணை முடிவில்: அம்மா, அப்பா, தம்பி, பால், கிளி, மீன் போன்ற சொற்களை வாசிப்பார், பார்த்து எழுதுவார். கு, சு, டு போன்ற எழுத்துக்கள் அடுத்த தவணையில்.
>
> பிரிவு 3: 2011, 2012, 2013, 2014 இல் பிறந்தவர்கள்
> பேச்சு விளங்கும், ஆனால் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும். சரளமாக வாசிப்பவர்கள் அடுத்த தவணைக்குப் பெயர் தரலாம்.
> ஞாயிறு, 60 நிமிடம் (நடுவில் 5 நிமிட இடைவேளை). லண்டன் 2.00, சூரிச், பாரிஸ், ஒஸ்லோ 3.00, ரொறன்ரோ காலை 9.00.
> தவணை முடிவில்: ஊரில் இருந்து வரும் இரண்டு மூன்று வரிச் செய்தியை மெதுவாக வாசித்து, ஒரு வரியில் பதில் எழுதுவார்.
>
> நேர மாற்றம்: மார்ச் 8 முதல் ரொறன்ரோவில் எல்லா வகுப்பும் ஒரு மணிநேரம் பிந்தித் தொடங்கும். மார்ச் 29 ஞாயிறு வகுப்பு மட்டும் லண்டனில் 3.00, சூரிச், பாரிஸ், ஒஸ்லோவில் 4.00. அவுஸ்திரேலியாவுக்கு இந்த நேரங்கள் பொருந்தாது.
>
> வகுப்பு முறை: ஒரு பிரிவில் 8 பிள்ளைகள் வரை. பேச்சு ஈழத்து வழக்கில், வாசிப்பும் எழுத்தும் எழுத்துத் தமிழில். விளக்கம் தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும். வேறு மொழி தேவைப்பட்டால் முதல் சில வகுப்புகளில் பெற்றோரில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். இணைப்புச் சுட்டி பெற்றோரின் எண்ணுக்கு மட்டும். வகுப்பு பதிவு செய்யப்படாது. மின்தடையால் நின்றுபோகும் வகுப்பு தவணை முடிவில் சேர்க்கப்படும்.
>
> கட்டணம்: 12 வகுப்புகளுக்கும் சேர்த்து ______
> சேர: பிள்ளையின் பிறந்த ஆண்டு, வாழும் நகரம், “அம்மா” என்பதை வாசிப்பாரா என்ற மூன்றையும் இந்த எண்ணுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: +94 ______

கடைசி வரியைக் கவனியுங்கள். “தொடர்பு கொள்ளவும்” என்று விட்டால் “வணக்கம்” என்ற செய்தி வரும், பிறகு நாம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எதை அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒரே செய்தியில் பிரிவு தீர்மானமாகிவிடும். எண்ணையும் 07 என்று தொடங்காமல், முன்னிருக்கும் 0 ஐ நீக்கி +94 உடன் எழுதுங்கள். உள்ளூர் முறையில் எழுதிய எண் லண்டனில் இருந்து அழைத்தால் இங்கே வராது.

## 8. அனுப்புமுன் எழுத்துருவைப் பாருங்கள்

நம் பக்கத்து அச்சகங்களிலும் பல கணினிகளிலும் இன்னும் பாமினி எழுத்துரு இருக்கிறது. பாமினியில் தட்டச்சு செய்ததை அப்படியே எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதை முழுவதும் ஒருமுறை வாசியுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியோ எண்களுக்கிடையே குறி விழுந்தோ போவதுண்டு. நேரத்தில் ஒரு எண் பிழைத்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

பூவும் தீபமும் போட்ட படமாக மட்டும் அனுப்பும் வழக்கத்தை விடுங்கள். படத்தில் இருக்கும் எழுத்தைப் பிரதி எடுப்பது எல்லோருக்கும் எளிதல்ல. தமிழ் வாசிக்கத் தெரியாத இளம் பெற்றோர் பலர் இருக்கிறார்கள், அவர்கள் செய்தியை எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். படம் வேண்டுமென்றால் அழைப்புக்கு ஒன்று வையுங்கள், முழு அறிவிப்பையும் எழுத்தாகவே அனுப்புங்கள். அதே பெற்றோருக்காக முதல் மூன்று வரிகளையும் பிரிவுகளின் பிறந்த ஆண்டுகளையும் ஆங்கிலத்தில் கீழே சேர்ப்பது நல்லது. ஒரு நிமிடக் குரல் செய்தியும் உதவும்.

## 9. ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்

வகுப்பைப் பற்றி எதுவும் தெரியாத, வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்புங்கள். “நன்றாக இருக்கிறதா” என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “2017 இல் பிறந்த, வாசிக்கத் தெரியாத பிள்ளை ரொறன்ரோவில் இருந்தால், மார்ச் 14 அன்று எத்தனை மணிக்கு இணைய வேண்டும்?” என்று கேளுங்கள். 11.00 என்று விடை வந்தால் அறிவிப்பு வேலை செய்கிறது. 10.00 என்று வந்தால் நேர மாற்ற வரி அவர் கண்ணில் படவில்லை, அதைப் பிரிவுகளுக்கு மேலே ஏற்றுங்கள். உங்களிடமே திருப்பிக் கேட்டால் அந்த வரியைப் புதிதாக எழுதுங்கள்.

அனுப்பிய பிறகும் வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் அன்றே அறிவிப்பில் அதற்கு விடை சேருங்கள். ஒரு பிரிவு நிரம்பினாலும் அப்படித்தான். “பிரிவு 2 நிரம்பிவிட்டது” என்று தனிச் செய்தி போட்டால் பழைய அறிவிப்பு மட்டும் குழுவில் இருந்து குழுவுக்குப் போய்க்கொண்டிருக்கும். முழு அறிவிப்பையும் திருத்தி, திருத்திய திகதியை முதல் வரியில் இட்டு, மீண்டும் அனுப்புங்கள்.